சக்கா என்று கேட்டதும் ஆறு ஓட்டம் என்று எண்ணிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் அண்மையில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றில், கிரிக்கெட்டின் இந்தி வர்ணனை வெறும் கூச்சல் என்றும், மொழி தெரியாதவர்கள் ஒலியை அடக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பதே மேல் என்றும் எழுதப்பட்டிருந்தது. பணி நிமித்தம் பல ஆண்டுகள் போபாலில் இருந்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த வர்ணனையைக் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் இதற்கு மாறாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கூச்சல் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வர்ணனையாளர் எதைக் கண்டு கத்துகிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் ஒரு கைப்பிடியளவே இருக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டால் மீதி இந்தி தெரியாமலே ஆட்டத்தைப் பின்தொடர முடியும்.

நான்கு ஓட்டம் சௌக்கா, ஆறு ஓட்டம் சக்கா என்பது பெரும்பாலோர் அறிந்ததே. இவை இரண்டும் பந்து எல்லைக் கோட்டைக் கடந்தபின் வரும் சொற்கள். உண்மையில் கவனிக்க வேண்டியவை அதற்கு முன்னால் வருபவை. பந்து தரையோடு ஓடினால் 'கராரா ஷாட்', அழுத்தமான அடி, என்று தொடங்கி, அது எல்லையை எட்டும் முன்பே 'மிலேங்கே சார் ரன்', அதாவது நான்கு ஓட்டம் கிடைக்கப் போகிறது, என்று வருங்காலத்தில் சொல்லிவிடுவார்கள். தடுப்பாளர் எவரும் எட்டமாட்டார் என்று உறுதியானால்தான் இப்படிச் சொல்ல முடியும் என்பதால் அவர்கள் குரலில் பதற்றம் இருக்காது.

பந்து மேலே எழும்பினால் நிலைமை வேறு. அப்போது வருவது 'கேந்த் ஹவா மே', பந்து காற்றில் இருக்கிறது, என்பதுதான். இந்தச் சொற்றொடர் சக்காவுக்கும் பொது, கேட்சுக்கும் பொது. குரல் உச்சத்துக்குப் போவதை வைத்து ஆறு ஓட்டம் என்று நாம் கைதட்டிவிடுகிறோம்; வர்ணனையாளரோ முடிவு தெரியாமல்தான் கத்திக்கொண்டிருக்கிறார். அடுத்து 'நீச்சே ஃபீல்டர்' என்று வந்தால் பந்துக்குக் கீழே ஆள் நிற்கிறார் என்று பொருள். அதன்பின் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் தீர்ப்பு இருக்கிறது: 'லபக் லியா' என்றால் பிடித்துவிட்டார், 'சூட் கயா' என்றால் நழுவிவிட்டது, 'சீமா ரேகா கே பார்' என்றால் எல்லைக் கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. தமிழைப் போலவே இந்தியிலும் வினைச்சொல் பெரும்பாலும் இறுதியில் வருவதால், இந்தக் காத்திருப்பு நமக்குப் பழக்கமானதுதான்.

2024 ஜூன் 29 அன்று பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ஓட்டங்கள் தேவைப்பட்டன. ஹர்திக் பாண்டியாவின் முதல் பந்து ஃபுல் டாஸாக அமைய, டேவிட் மில்லர் அதை லாங் ஆஃப் பக்கம் தூக்கி அடித்தார். பந்து போன போக்கு முழுக்க முழுக்கச் சக்காவின் போக்கு. சூரியகுமார் யாதவ் ஓடிவந்து எல்லைக் கோட்டருகே பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து மீண்டும் பிடித்தார். எந்த மொழி வர்ணனையாளராக இருந்தாலும் அந்தச் சில நொடிகளில் ஆறு என்றோ அவுட் என்றோ சொல்லியிருக்க முடியாது. அங்கே குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது எதையும் சொல்லாது. இறுதி வினைச்சொல் வரும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

சக்கா என்ற சொல்லே சில வேளை ஏமாற்றும். 'சக்கே சுடா தியே' என்பது இந்தியின் பழைய மரபுத்தொடர். எதிரியைத் திணறடித்துவிட்டார் என்பது அதன் கருத்து. பேட்ஸ்மேன் பந்துவீச்சாளர்களுக்கு இதைச் செய்யலாம், பந்துவீச்சாளரும் பேட்ஸ்மேன்களுக்குச் செய்யலாம். எனவே பும்ராவின் ஓவர் முடிந்த கையோடு வர்ணனையாளர் 'சக்கே' என்று முழங்கினால், யார் ஆறு அடித்தார்கள் என்று ஓட்டப் பலகையைத் தேட வேண்டாம். (போகிற போக்கில் ஒன்று: சக்கா என்பது வட இந்தியாவில் திருநங்கையரை இழித்துரைக்கும் வசையாகவும் புழங்குகிறது. ஆகையால் கேட்ட சொல்லை ஆட்டத்துக்கு வெளியே எவரைக் குறித்தும் விளையாட்டாகச் சொல்லாதிருப்பது நல்லது.)

பந்துவீச்சுக்கு வருவோம். யார்க்கர், பவுன்சர், ஸ்லோயர் பால் எல்லாம் இந்தியிலும் அப்படியேதான் இருக்கின்றன. சுழற்பந்துக்கு மட்டும் 'ஃபிர்கி' என்ற சொந்தச் சொல் உண்டு. எனவே யார்க்கர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு விளங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அங்கேயும் அடைமொழியைக் கவனிக்க வேண்டும். யார்க்கர் பேட்ஸ்மேனின் காலடியில், மட்டை தரையைத் தொடும் இடத்தில் விழ வேண்டிய பந்து. சற்று முன்னே போனால் ஃபுல் டாஸ், சற்றுப் பின்னே விழுந்தால் அடிக்க வாகான பந்து. இரண்டுமே சக்காவாக முடியக்கூடியவை. அதனால்தான் குறி தப்பாமல் விழுந்ததை 'சட்டீக் யார்க்கர்' என்று தனித்துச் சொல்கிறார்கள். 'யார்க்கர் கி கோஷிஷ்' என்றால் யார்க்கருக்கு முயன்றார் என்றுதான் பொருள். அந்த முயற்சி பெரும்பாலும் பார்வையாளர்களின் நடுவே போய் விழுந்த பிறகுதான் அப்படிச் சொல்லப்படும். பந்து ஸ்டம்பைச் சாய்த்துவிட்டாலோ ஆங்கிலச் சொல் மறைந்துவிடும். 'டண்டா உகாட் தியா', கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டார் என்றும், 'கில்லியாங் பிகேர் தீ', பெயில்களைச் சிதறடித்துவிட்டார் என்றும் வரும். கிட்டிப்புள் ஆட்டத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் கில்லி டண்டா. அந்த ஆட்டத்தின் இரண்டு சொற்களும் இங்கே ஸ்டம்புக்கும் பெயிலுக்கும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

என் பார்வையில் இந்தி வர்ணனையின் பலவீனம் கூச்சல் அன்று. 'ஷாந்தார்', 'ஜபர்தஸ்த்' என்ற இரண்டு பாராட்டுகளைக் கண்டதற்கெல்லாம் வாரியிறைப்பதுதான். அவற்றைக் காதில் வாங்காமல் விட்டுவிடலாம். விடக்கூடாதது 'காலி கேந்த்', ஓட்டம் ஏதும் வராத பந்து. அதே இறுதியாட்டத்தில் கடைசி மூன்று ஓவர்களுக்கு 22 ஓட்டங்கள் தேவை என்றிருந்தபோது, பதினெட்டாவது ஓவரில் பும்ரா யான்சனை பவுல்டாக்கி 2 ஓட்டங்களையே கொடுத்தார். பத்தொன்பதாவது ஓவரில் அர்ஷ்தீப் சிங் 4 கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு பந்துகளில் சௌக்காவும் இல்லை, சக்காவும் இல்லை. படத்தை மட்டும் பார்த்திருந்தவருக்குப் பெரும்பாலும் எதுவுமே நடக்காத இரண்டு ஓவர்கள் அவை. ஆட்டம் இந்தியாவின் பக்கம் திரும்பியது அங்கேதான்; அப்படிப்பட்ட கட்டத்தில் வர்ணனையாளர் ஒவ்வொரு காலி கேந்துக்கும் சக்காவுக்குரிய குரலில் கத்தினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓசூர்.