கார்டுக்குக் கூடுதல் வேண்டாம், ரொக்கத்துக்குக் கழிவு கொடுங்கள்

உதகை, குன்னூர், கோத்தகிரி வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிவருகிறேன். சென்ற கோடை சீசனில் ஒரு தேயிலைக் கடையில், எம்.ஆர்.பி. 500 ரூபாய் என்று அச்சிட்ட பொட்டலத்துக்கு, கிரெடிட் கார்டை நீட்டிய வெளியூர்ப் பெண்ணிடம் 510 ரூபாய் வாங்கப்பட்டதை நேரில் பார்த்தேன். பொட்டலத்தைத் திருப்பி விலையைக் காட்டி அவர் கேட்டபோது, கடைக்காரரிடம் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது எடையளவுச் சட்ட விதிமீறல். டெபிட் கார்டு என்றால், கார்டு விற்பனைக்காக வங்கி பிடிக்கும் கட்டணத்தைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர் தலையில் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளும்படி ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கட்டணம் கையைக் கடிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதை ஈடுகட்டும் நேர்வழி, விலைப்பலகையில் கார்டு விலையை எழுதி, ரொக்கத்துக்குக் கழிவு தருவதே. எடை போட்டு விற்கும் சாக்லேட்டில் கிலோவுக்கு 1,000 ரூபாய் கைக்கு வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 2 சதவீதமும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்தால் மொத்தம் 2.36 சதவீதம். பலகையில் 1,025 என்று எழுதினால், கார்டில் 24 ரூபாய் 19 காசு போக 1,000 ரூபாய் 81 காசு வரவாகும். ரொக்கம் தருபவருக்கு 25 ரூபாய் கழித்தால் அங்கும் 1,000 ரூபாய்தான். 1,000 ரூபாயோடு 2.36 சதவீதத்தை அப்படியே கூட்டினால் சிறிது குறையும், ஏனெனில் கூட்டிய தொகைக்கும் சேர்த்துத்தான் வங்கி பிடிக்கிறது. ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் கடைக்கு உண்மைச் செலவு 2 சதவீதமே என்பதால், அவர்கள் 21 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எம்.ஆர்.பி. அச்சிட்ட பொருளில் விலையை உயர்த்த இடமில்லை. அங்கே கழிவு உங்கள் லாபத்திலிருந்துதான் போகும், ஆகவே லாபம் தாங்கும் அளவுக்கே அறிவியுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் செலுத்தும் யு.பி.ஐ.க்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது. அப்படியிருக்க, க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்பவருக்குக் கழிவை மறுப்பது நியாயமல்ல. யு.பி.ஐ.யில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டு மட்டும் வேறு கணக்கு. அதற்குக் கட்டணம் பிடிக்கப்படலாம், வங்கி தரும் வரவு விவரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பில்லில் விலை 1,025, கழிவு 25, செலுத்தியது 1,000 என்று மூன்று வரியும் இருக்கட்டும். கழிவு விற்கும்போதே பில்லில் பதிவானால்தான் கழித்த தொகைக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியிருக்காது. கேட்டவருக்கு மட்டும் ரகசியமாகக் கழிப்பது கூடாது. சாக்லேட்டைப் பெட்டியில் கட்டி முடித்த பிறகு சொல்வதும் கூடாது. வாசலிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த சீசன் தொடங்குமுன் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, எல்லாக் கடைகளுக்கும் ஒரே வாசகத்தில் பலகை அச்சிட்டுக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர்க் கணக்கர் ஒருவர்