மடலில் பழையதை வெட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்

வணக்கம் உறவுகளே,

பாடசாலைக் குழாய்க்கிணறு பற்றிய மின்னஞ்சலில் போன கிழமை ஒரு பிழை நடந்தது. முள்ளியவளையில் இருந்து ஒருவர் விலை விபரத்தை முழு மடலுக்கும் கீழே எழுதியிருந்தார். மேலே பழைய பதில்கள், ஒவ்வொன்றிலும் அதே கையொப்பம், முகவரி, படம். ஒரு மடல் 102 கே.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை மறைத்து `Message clipped` என்று காட்டும். விலை அதற்குள் போய்விட்டது, எங்களில் பலர் காணவேயில்லை. நானும் காணவில்லை.

இனிப் பதில் எழுதும்போது:

1. பெட்டிக்குக் கீழே உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள், பழைய மடல் விரியும்.
2. நீங்கள் பதில் சொல்லும் இரண்டு மூன்று வரியையும் எழுதியவர் பெயரையும் மட்டும் வைத்து, மற்றதை அழியுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் எதற்குப் பதில் என்று தெரியாது.
3. அந்த வரிகளுக்குக் கீழேயே பதில்.
4. கையொப்பத்துக்குப் பெயரும் ஊரும் போதும். `Sent from my iPhone` என்பதையும் எடுத்துவிடுங்கள்.

விலை மடலைச் சுருக்கி இன்றிரவு மறுபடி அனுப்புகிறேன். ஞாயிறு மாலை 7 மணிக்குள் இதே முறையில் பதில் போடுங்கள். போனில் வெட்டக் கஷ்டமென்றால் இங்கே சொல்லுங்கள், அழைத்துக் காட்டித் தருகிறேன்.