முகத்தை வைத்துத் தமிழரை அடையாளம் காணாதீர்கள்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழா நிகழ்ச்சி ஒன்றுக்கு எங்கள் புளோக்கில் வசிக்கும் ஒரு பாட்டியை அழைத்துச் சென்றேன். பதிவு மேசையில் இருந்த இளைஞர் என்னிடம் தமிழிலும் அவரிடம் ஆங்கிலத்திலும் பேசினார். பாட்டி தமிழில் பதில் சொன்னதும், "அடடா, எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறீர்கள்!" என்று வியந்து பாராட்டினார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது. தாய்மொழியைப் பேசியதற்காக எழுபது வயதைக் கடந்த ஒருவரை யாராவது பாராட்டுவார்களா?

அவர் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறுமையாலும், பெண் பிள்ளை சுமை என்ற எண்ணத்தாலும், சில வேளைகளில் பிறந்த ராசி ஆகாது என்ற நம்பிக்கையாலும் அந்தக் காலத்தில் சீனக் குடும்பங்கள் பல பெண் குழந்தைகளை இந்திய, மலாய்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தன. அப்படி ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வந்தவர்தான் இவர். வளர்த்த தாயின் நினைவுநாளில் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடுவார். பேத்திக்குக் காது குத்தியபோது எந்த மாமன் மடியில் உட்கார வைப்பது என்று குடும்பத்துக்குள் வழக்கு எழுந்தது. தீர்த்து வைத்தவர் இவர்தான். யாருக்கு என்ன முறை, யார் வீட்டுக்கு எவ்வளவு மொய் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சீனம் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அவரைச் சீனர் என்று சொல்ல அவருடைய முகத்தைத் தவிர உங்களிடம் என்ன சான்று இருக்கிறது?

மொழி இருப்பதால்தானே அவர் தமிழர், மொழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். சிங்கப்பூரிலும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் பேசுவது மலாய். பெண்களின் மரபு உடை சாரோங் கெபாயா. தோற்றத்தில் ஒருவர் மலாய்க்காரர் போலவும், அவருடைய உடன்பிறந்தவர் தமிழர் போலவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் இந்துக்கள். பொங்கலை ஒட்டிப் போகியன்று வாழையிலை விரித்து முன்னோருக்குப் படைப்பதை இன்றுவரை விடவில்லை. பாட்டியிடம் மொழி இருக்கிறது, வம்சாவளி இல்லை. இவர்களிடம் வம்சாவளி இருக்கிறது, மொழி போய்விட்டது. வழக்கமும், எங்கிருந்து வந்தோம் என்ற நினைவும் இவர்களைத் தனிச் சமூகமாகக் கட்டி வைத்திருக்கின்றன. மொழி, வரலாறு, வழக்கம் ஆகிய மூன்றும் எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்று தேயும் இடத்தில் மற்றவை தாங்கிப் பிடிக்கின்றன.

தோற்றத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது. தேக்கா சந்தையில் அடுத்தடுத்து நிற்கும் ஒரு தமிழர், ஒரு மலையாளி, ஒரு தெலுங்கர் மூவரையும் முகத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல உங்களால் முடியுமா? அவர்கள் வாயைத் திறக்கும்போது, எந்த நாளைப் புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள் என்று தெரியும்போது, திருமணச் சடங்கைப் பார்க்கும்போதுதான் வேறுபாடு புலப்படுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் தோல் நிறத்தை அளக்கவில்லை. 1988இல் குழுத்தொகுதி முறை வந்தபோது, சிறுபான்மைச் சமூகத்தவர் யார் என்பதை வரையறுக்க வேண்டியிருந்தது. தன்னை அந்தச் சமூகத்தவராகக் கருத வேண்டும், அந்தச் சமூகமும் அவரைத் தன்னவராகப் பொதுவாக ஏற்க வேண்டும் என்பதே அளவுகோல். மலாய்ச் சமூகத்தவர் மலாய் இனத்தில் பிறந்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. இந்தியருக்கு மட்டும் 'இந்திய வம்சாவளியினர்' என்ற நிபந்தனை கூடுதலாக உண்டு. தத்து வந்த ஒருவருக்கு அந்த நிபந்தனை தடையாகலாம். அது தேர்தலுக்கான வரையறை; நம் விழா மேடைக்கும் பதிவு மேசைக்கும் அதைக் கொண்டுவர வேண்டியதில்லை.

நானாகவே தமிழர் என்று சொல்லிக்கொண்டால் போதும் என்று நான் வாதிடவில்லை. சமூகம் ஏற்க வேண்டும் என்பதில் பொருள் இருக்கிறது. அந்த ஏற்பு உங்கள் கையில் இருப்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பாட்டி போன்றவர்களைச் சுற்றத்தார் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களை இன்னும் விருந்தாளியாக நிறுத்தி வைத்திருப்பவை அமைப்புகள்தான்.

அடுத்த விழாவுக்குத் தொண்டூழியர்களைத் தயார்செய்யும்போது மூன்றைச் சொல்லிக்கொடுங்கள். வருபவர் யாராக இருந்தாலும் முதலில் தமிழில் வணக்கம் சொல்லட்டும். புரியவில்லை என்றால் அவரே சொல்வார். "உங்களுக்கு எப்படித் தமிழ் தெரியும்?" என்று யாரிடமும் கேட்க வேண்டாம். மலாக்கா செட்டிகளைக் கண்காட்சிப் பொருளாக அழைக்காமல், பொங்கல் விழாவின் ஏற்பாட்டுக் குழுவில் உறுப்பினராக அழையுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் ஒரு தமிழாசிரியர்