1934-ல் திருநெல்வேலிக்கு எந்த வானொலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த தலைவர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். '1934-ல் காந்தியடிகள் திருநெல்வேலியில் ஆற்றிய உரை வானொலியில் ஒலிபரப்பானது, அந்த அரிய பதிவை இணையத்தில் இன்றும் கேட்கலாம்' என்று அதில் ஒரு வரி. பக்கத்திலேயே ஒரு படம். காந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வருகிறார், பின்னால் இரண்டு பனைகள். கீழே 'திருநெல்வேலி, 1934' என்று அடிக்குறிப்பு.

எந்த வானொலி என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. தாங்களும் கேட்கவில்லை. அகில இந்திய வானொலி என்ற பெயரே 1936-ல் வந்தது. சென்னை நிலையம் 1938-ல் தொடங்கியது, திருச்சி நிலையம் 1939-ல். நம் திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது, காந்தி மறைந்து பதினைந்து ஆண்டு கழித்து. 1934-ல் சென்னை மாநகராட்சி நடத்திய ஒரு சிறு ஒலிபரப்பு உண்டு, அது பட்டணத்துக்காரர்களுக்கு. கொழும்பு வானொலி 1925 முதல் இருந்தது என்று யாராவது சொல்லக்கூடும். இருந்தது, தூத்துக்குடிக் கரையில் கேட்டும் இருக்கலாம். ஆனால் திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசிய குரலைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்த கம்பி எது? இதெல்லாம் தங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அச்சுக்குப் போயிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

சரி, வானொலியை விடுவோம். அந்த 'அரிய பதிவை'யாவது கட்டுரையாளர் முழுதாகக் கேட்டாரா? ஒலிநாடாக்களைக் கேட்டுப் பட்டியல் போடும் வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அது 1931 அக்டோபரில், வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த காந்தி, கொலம்பியா இசைத்தட்டுக்காகப் படித்த ஆங்கில உரை. கடவுளைப் பற்றியது. எங்கும் நிறைந்த, விளக்கிச் சொல்ல முடியாத ஒரு சக்தி உண்டு என்று ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், காதில் மாட்டும் ஒலிப்பான் ஒன்று போதும். அந்த உரை ஏறக்குறைய ஆறு நிமிடம். 78 சுற்று வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கொள்ளும். அதனால் ஆறு நிமிடப் பேச்சு என்றால் இரண்டு பக்கம். பேச்சை விட்டுவிட்டு, அதன் அடியில் ஓடும் இரைச்சலை மட்டும் கவனியுங்கள். ஊசி தட்டின் வெளி விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக, அதே ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் தடத்தின் நீளம் குறைந்துகொண்டே போகும். அதனால் கூர்மையான ஒலிகள் மங்கி, குரல் கொஞ்சம் அடைத்தாற்போல ஆகிவிடும். பாதி வழியில் ஓர் இடத்தில் இரைச்சலின் தன்மை சட்டென்று மாறி, குரலும் மறுபடி தெளிவாகும். அங்கேதான் தட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். சிலர் இரைச்சலை வடிகட்டி ஏற்றியிருப்பார்கள். அப்போதும் குரலின் மங்கலும் தெளிவும் காட்டிக்கொடுத்துவிடும். பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சுக்குப் பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று இருக்காது.

அதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கூட்டங்களில் காந்தி சில வாக்கியம் பேசி நிறுத்துவார், ஒருவர் அதைத் தமிழில் சொல்லுவார், பிறகு அடுத்தது. அப்படி ஒரு கூட்டத்தின் பதிவு என்றால் நடுநடுவே தமிழ்க் குரல் வரவேண்டும். சனங்களின் சத்தம், குழந்தை அழுகை, யாராவது இருமுவது, ஏதாவது வேண்டும். இந்தப் பதிவில் ஓர் ஆள், ஓர் அறை, ஒரு காகிதம். பேச்சல்ல, வாசிப்பு. ஆயிரக்கணக்கானவர் கூடிய இடத்தில் அத்தனை நிசப்தம் என்றால் அது நம்ம ஊர்க் கூட்டமே இல்லை.

கட்டுரையாளர் உள்ளடக்கத்தைக் கொண்டும் தேதியை நிறுவப் பார்க்கிறார். உரையில் 'சென்ற ஆண்டு மைசூர்ச் சுற்றுப்பயணத்தில்' ஏழைக் கிராமத்தாரைச் சந்தித்ததாக வருகிறதாம், ஆகவே 1933-ல் மைசூர், 1934-ல் திருநெல்வேலியாம். 1933 மே வரை காந்தி எரவாடாச் சிறையில் இருந்தார், ஆகஸ்டில் மறுபடி சிறை, ஹரிஜனச் சுற்றுப்பயணம் நவம்பரில்தான் புறப்பட்டது. சரி, 1931-லிருந்து ஓராண்டு பின்னால் போனால்? 1930 மே முதல் 1931 ஜனவரி வரை மறுபடியும் எரவாடாதான். ஆக, தட்டில் பதிவான ஆண்டுக்கும் அந்தச் 'சென்ற ஆண்டு' பொருந்தவில்லை. காரணம் எளிது. அந்த உரை 1928 அக்டோபர் 11 'யங் இந்தியா' இதழில் அவர் எழுதிய கட்டுரை. 1927-ல் நந்தி மலையில் ஓய்வெடுத்துவிட்டு மைசூர்ச் சமஸ்தானத்தில் சுற்றினார். 1928-ல் எழுதும்போது அது 'சென்ற ஆண்டு'. 1931-ல் அதையே எடுத்துப் படித்திருக்கிறார். எழுதிய நாள் ஒன்று, வாசித்த நாள் ஒன்று, தட்டு கடைக்கு வந்த நாள் வேறொன்று. இதில் எந்த நாளும் திருநெல்வேலியில் இல்லை.

இப்போது அந்தப் பனைமரப் படம். பனை என்றால் நெல்லையா? வங்காளத்திலும் பனை உண்டு, பீகாரிலும் உண்டு, ஆந்திரத்திலும் உண்டு. அவர் அரையாடையில் இருப்பதால் 'பிற்கால'ப் படம் என்கிறது கட்டுரை. 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறினார். ஆகவே படம் அதற்குப் பிந்தியது என்று மட்டும் சொல்லலாம், எவ்வளவு பிந்தியது என்று ஆடை சொல்லாது. அந்தப் படம் ஒரு செய்திப் படச்சுருளிலிருந்து எடுத்தது என்பது இணையத்தில் ஓடும் துண்டைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். காந்தி வேகமாக நடப்பவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரத்தில் சும்மா நிற்பவரின் தலையாட்டலும், பனையோலையின் அசைவும், எழும் தூசியும் கூடவா அவசரப்படும்? வினாடிக்கு 16 சட்டம் வீதம் கையால் சுற்றி எடுத்த ஊமைப்படத்தை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் அப்படித்தான் ஆகும், ஒரு நிமிடக் காட்சி நாற்பது வினாடியில் ஓடி முடிந்துவிடும். ஊமைப்படத்தின் மேல் லண்டன் தட்டை ஏற்றி, யாரோ ஒரு புண்ணியவான் தலைப்பு வைத்திருக்கிறார். உதடு எங்கே அசைகிறது, குரல் எங்கே வருகிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இந்தத் துண்டுகள் பலவற்றுக்கும் ஊற்று எது என்றாவது விசாரித்திருக்கலாம். கோட்டையூர் ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றி, பலர் பல ஆண்டுகளில் எடுத்த ஐம்பதாயிரம் அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940-ல் காந்தியைப் பற்றிய படத்தை வெளியிட்டார். அப்படித் தொகுத்த படத்திலிருந்து ஒரு காட்சியைக் கத்தரித்தால், வெளியீட்டு ஆண்டு அந்தக் காட்சியின் ஆண்டு ஆகாது. பிரிட்டிஷ் செய்திப்படங்களிலும் இதே வில்லங்கம். அவை வாரத்துக்கு இருமுறை வெளிவந்தன. சுருள் இந்தியாவிலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்து, கழுவி, வெட்டி ஒட்டி வெளிவரும் நாளைத்தான் அட்டவணையில் போடுவார்கள். நிகழ்ச்சி நடந்தது அதற்கு நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் முன்பு. அட்டவணைத் தேதி 'இதற்குப் பிந்தியதல்ல' என்று சொல்லும், அதற்கு மேல் சொல்லாது.

தங்கள் இதழில் இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சுதந்திர தினச் சிறப்பிதழில், 1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு செங்கோட்டையில் கொடியேற்றும் படம் என்று போட்டீர்கள். செங்கோட்டையில் அவர் கொடியேற்றியது 16-ஆம் தேதி. முந்தின நாள் கொடியேற்றம் இந்தியா கேட் பக்கத்தில். அதைச் சுட்டி நான் எழுதிய கடிதம் வரவில்லை என்றார்கள். இன்னொரு இதழில் 'குருக்ஷேத்திர அகதிகள் முகாமில் காந்தி, 12 நவம்பர் 1947' என்று வந்தது. அன்று தீபாவளி. காந்தி டெல்லி வானொலி நிலையத்துக்குப் போய், ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பேசினார். முகாமில் இருந்தவர்கள் அங்கே கேட்டார்கள். குரல் போன ஊருக்கெல்லாம் ஆளும் போனதாக எழுதினால், ஒரே மாலையில் அவரை நாடு முழுக்க அனுப்பிவைக்கலாம். நாடாப் பெட்டி மேல் இருக்கும் தேதியையும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுகிறார்கள். பழைய தட்டிலிருந்து நாடாவுக்குப் பெயர்த்த நாளை அதில் எழுதியிருப்பார்கள், பேசிய நாள் உள்ளே அறிவிப்பாளர் வாயில் இருக்கும்.

கொடுமை என்னவென்றால், திருநெல்வேலிப் பேச்சுக்கு நல்ல ஆதாரம் கையிலேயே இருக்கிறது. காந்தி இங்கே பேசியது 1934 ஜனவரி 24. பீகார் பூகம்பம் ஜனவரி 15. தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே அந்தப் பூகம்பம் என்று இந்த மண்ணில் நின்று சொன்னார், தாகூரே அதை மறுத்து எழுதினார். திருநெல்வேலி உரை என்று யாராவது ஓர் ஒலிப்பதிவை நீட்டினால், முதலில் கேட்க வேண்டியது அதில் பூகம்பம் வருகிறதா என்பதுதான். தங்கள் 'அரிய பதிவில்' பீகாரும் இல்லை, பூகம்பமும் இல்லை, தீண்டாமையும் இல்லை. நாடே விவாதித்த பேச்சை விட்டுவிட்டு, பேசாத பேச்சுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் நாலு வரித் திருத்தம்: 1934-ல் திருநெல்வேலி வானொலி இல்லை, அந்தக் குரல் 1931 லண்டன் இசைத்தட்டு, படம் எடுத்த இடமும் நாளும் உறுதியில்லை. இனி ஒலிப்பதிவையோ படச்சுருளையோ சான்றாகக் காட்டும் கட்டுரைகளில், பேசிய நாள், பதிவான நாள், ஒலிபரப்பான அல்லது திரையிட்ட நாள் என்று மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடட்டும். இடம் போதாது என்றால் அந்தப் பனைமரப் படத்தை எடுத்துவிடுங்கள், வேண்டிய இடம் கிடைக்கும்.

தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை