வடலூரின் இரண்டு வாசல்களும் எங்கள் தடைக்காலக் கஞ்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்தையொட்டி உங்கள் இதழில் வள்ளலாரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சத்திய ஞான சபையின் ஏழு திரைகளைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. குறை கடைசிப் பத்தியில்தான். “உயிர்க்கொலையும் புலைப்பொசிப்பும் உடையவர்கள் எல்லாம் உறவினத்தார் அல்லர் அவர் புறஇனத்தார்” என்ற அடிகளை எடுத்துப் போட்டுவிட்டு, மீனும் இறைச்சியும் உண்பவர்களுக்கு வள்ளலாரிடம் ஒரு வேலையும் இல்லை என்பதுபோல் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தப் பாட்டு அங்கே முடியவில்லை. அதே மூச்சில், “அவர்க்குப் பயிர்ப்புறும் ஓர் பசிதவிர்த்தல் மாத்திரமே புரிக” என்று வருகிறது. அந்த இடத்தில் கத்தரி வைத்தது சரியில்லை.

நான் மண்டபத்துக்காரன். வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். நான் மட்டும் மீன் உண்பதை விட்டுவிட்டேன், தம்பிகள் விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது, சண்டை ஒன்றும் இல்லை. அதனால் இந்தப் பாட்டை வெறும் இலக்கியமாகப் படிக்க எனக்கு வசதிப்படாது.

வடலூரில் வள்ளலார் முதலில் கட்டியது சபையை அல்ல, தருமச்சாலையை. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் 1867 மே 23 அன்று, அதாவது வைகாசி 11ஆம் நாள், சாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஜோதி வழிபாட்டுக்கான ஞான சபை திறக்கப்பட்டதோ 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. இடையில் நாலரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சபைக்குள் கொலை புலை தவிர்த்தவர்கள் மட்டுமே புகலாம் என்று விதி உண்டு. சாலைக்கு அப்படி எதுவும் கிடையாது. பசித்து வந்தால் போதும், இலை போடுவார்கள். இரண்டு வாசலையும் வைத்தவர் ஒருவர்தான், தெரிந்தேதான் வைத்தார்.

ஏன் இப்படி வைத்தார் என்பதற்கு அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடையிலேயே விடை இருக்கிறது. பசி வந்தால் ஒரு மனிதனுக்கு என்னென்ன ஆகிறது என்று அதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கண் பஞ்சடைகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நா வறள்கிறது, கைகால் துவள்கிறது, வயிறு பகீரென்று எரிகிறது. பட்டினி கிடந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும். ஆனால் வரிசை தொடங்குவது உடம்பிலிருந்து அல்ல. பசியில் முதலில் ஜீவ அறிவு விளக்கம் இல்லாமல் மயங்குகிறது, அது மயங்கியதும் அறிவுக்குள் அறிவாக இருக்கும் கடவுளின் விளக்கமும் மறைந்துவிடுகிறது, மனமும் புத்தியும் பிறகு ஒவ்வொன்றாகச் சாய்கின்றன என்கிறார். சோறு உள்ளே போனதும் இதெல்லாம் அப்படியே திரும்புகிறது, உயிரும் தெளிகிறது, கடவுள் விளக்கமும் துலங்குகிறது. கடவுளை ஒளியாகக் கண்டவர் அடுப்பை முதலில் மூட்டியதன் காரணம் இதுதான். பசித்தவனுக்குத் திரையை விலக்கிக் காட்டி என்ன பயன்?

அதே நூலில், பசியால் வருந்துகிறவர் எந்தத் தேசத்தாராயினும், எந்தச் சமயத்தாராயினும், எந்தச் சாதியாராயினும், எந்தச் செய்கையாராயினும் அந்தப் பேதங்களை விசாரிக்காமல் பசியை நீக்க வேண்டும் என்கிறார். செய்கை என்றால் தொழிலும் நடத்தையும் சேர்த்துத்தான். வலை இழுப்பவனும் அதில் வருகிறான்.

சரி, இதைச் சொன்னதும் எங்கள் பக்கத்தில் சிலர் மறுகோடிக்கு ஓடுவார்கள். “கடற்கரைச் சனத்துக்கு மீன்தான் சோறு, சாமி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்” என்பார்கள். நான் படித்த அளவில் அப்படி ஒரு விலக்கை வள்ளலார் யாருக்கும் தரவில்லை. “கீரையும் நெல்லும் உயிர்தானே” என்ற கேள்வியையும் அவரே எழுப்பிப் பதில் சொல்லியிருக்கிறார். தாவரங்களுக்குத் தொடுவுணர்வு என்ற ஓரறிவு மட்டும் உண்டு. அவற்றிலிருந்து எடுக்கும் வித்தும் காயும் கனியும் சடம். அவற்றைப் பறிப்பது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது, அதில் உயிர்க்கொலை இல்லை என்கிறார். இந்த நியாயத்தைத் தளத்தில் துள்ளும் மீனுக்கு நீட்ட முடியாது. அந்தத் துள்ளலைப் பார்த்தவர்கள் நாங்கள்தான். பசியையும் கொலையையும் அவர் ஒரே தட்டில் வைத்துத் தலையாய துன்பங்களாகச் சொல்கிறார். மற்ற துன்பங்களான தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் ஆகியவற்றை நீக்குவதெல்லாம் அதற்கு அடுத்த படி. அந்தப் பாட்டிலும் ‘மாத்திரமே’ என்ற கட்டு இருக்கிறது. பசியைத் தீர், அதற்கு மேல் உறவு பாராட்டாதே, அவர்கள் சன்மார்க்கம் அடையும் வரை இதுதான் ஆணை என்கிறார். கடுமைதான். எனக்கே அந்த இடம் தொண்டையில் நிற்கிறது, தம்பிகளோடு எப்படி உறவு பாராட்டாமல் இருப்பது? அதற்காக அதை மழுப்பவும் கூடாது.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு உரிமையாளர் ஏதோ சமாளித்துக்கொள்வார். பங்குக்கும் கூலிக்கும் போகிறவர்கள் வீட்டில் மே மாதம் பிறந்ததும் கடையில் கடன் நின்றுவிடும். வைகாசி 11 இதற்குள்தான் வருகிறது. சாலை தொடங்கிய நாள் என்று அந்த வாரத்தில் இந்தக் கரையில் ஆங்காங்கே கஞ்சி வார்ப்பார்கள். நாங்களும் சிலர் சேர்ந்து வார்க்கிறோம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இறக்கும்போது ஒரு கை முருங்கைக்கீரை, தொட்டுக்கொள்ளத் துவையல். “கருவாடு இல்லாத கஞ்சியா?” என்று அப்பத்தாக்கள் முகம் சுளிப்பதும் உண்டு, இரண்டாம் கிண்ணம் வாங்குவதும் உண்டு.

போன ஆண்டு பக்கத்து ஊரில் வேறொரு குழுவினர் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். வரிசையில் நிற்பவர்கள் கையை உயர்த்தி “இனி மீன் தொடமாட்டேன்” என்று சொன்னால்தான் கஞ்சி. கையில் தூக்குவாளியோடு நின்ற பெண்கள் சிலர் சொல்லிவிட்டு வாங்கினார்கள், பிள்ளைக்குப் பசி, வேறென்ன செய்வார்கள்? சிலர் சொல்லாமல் திரும்பினார்கள். திரும்பியவர்களில் எங்கள் தெருப் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார், “ஏண்ணே, ஜூன் பதினஞ்சுக்கு மேல என் வீட்டுக்காரரு படகுல ஏறணுமே, பொய்ச் சத்தியம் பண்ணிட்டா கஞ்சி குடிக்கச் சொல்றீங்க?” என்று. சபை வாசலில் வைக்க வேண்டிய விதியைச் சாலை வாசலில் வைத்தால் இதுதான் நடக்கும். அந்தக் குழுவில் ஒருவர் எனக்குச் சான்றாகக் காட்டியதும், உங்கள் கட்டுரை வெட்டிப் போட்ட அதே அடிகளைத்தான்.

கொலை மறுத்தலை அந்த மக்களிடம் பேசவே கூடாதா என்றால், பேசலாம். நான் பேசுகிறேன். சாப்பிட்டு முடித்தவரிடம், திண்ணையில் உட்கார்ந்து, அவருக்கு விருப்பம் இருந்தால். கேட்டுவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போகிறவரும் அடுத்த நாள் கஞ்சிக்கு வரலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்தப் பாட்டை முழுதாக வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் பசி தவிர்க்கச் சொல்லும் அடியையாவது சேர்த்துப் போடுங்கள். வைகாசிக்கு முன்பு வந்தால் நல்லது, எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் உங்கள் இதழ் வருகிறது, அந்தக் குழுவினரும் அங்கேதான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.