மூலக்கடையில் ஆர்டருக்குக் காத்து நிற்கும் தம்பிகளுக்கு

தம்பிகளே,

போன வாரம் டீக்கடையில் உங்களில் ஒருவன் கேட்டான். "அண்ணே, மாதவரம் குடோன்ல பதினாலாயிரத்துக்குக் கூப்பிடுறாங்க. இங்கே ஒரு நாளைக்கே தொள்ளாயிரம் பார்க்கிறேன். எதுக்குப் போகணும்?" அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மூன்று வருடம் டெலிவரி ஆப்பில் ஆர்டர் ஓட்டிவிட்டுக் குடோனுக்குப் போனவன் நான். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

தொள்ளாயிரம் வீதம் 26 நாளுக்கு 23,400. பெட்ரோல் நாளுக்கு 250 என்றால் 6,500 போய்விடும். டயர், ஆயில், செயின் என்று மாதம் 1,500 எடுத்து வைக்க வேண்டும். யாரும் வைப்பதில்லை, அதனால்தான் அது செலவாகவே தெரிவதில்லை. மிச்சம் 15,400. அதுவும் பன்னிரண்டு மணி நேரம் லாகினில் கிடந்தால். குடோனில் பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 105 போக 12,215 கைக்கு வரும். மூவாயிரம் சொச்சம் குறைவுதான். அதில் பாதிக்கு மேல் பி.எஃப்., உன் பெயரிலேயே சேர்கிற பணம்.

ஆர்டர் ஓட்டிய காலத்தில், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி, மணலில் சறுக்கி என் கால் முறிந்தது. ஆப் கொடுத்த காப்பீடு ஆஸ்பத்திரி பில்லோடு சரி. வீட்டில் கிடந்த ஏழு வாரத்துக்கு ஒரு ரூபாய் கிடையாது. பைக் தவணை மட்டும் நிற்கவில்லை. இ.எஸ்.ஐ. இருந்தால், வேலையில் அடிபட்டாலும் வேலைக்குப் போய்வரும் வழியில் அடிபட்டாலும், டாக்டர் ஓய்வு எழுதித் தரும் காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். டைபாய்டு மாதிரி நோய் என்றால் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வரிசை நீளம்தான். ஆனாலும் அம்மாவுக்குச் சுகர் மாத்திரை அங்கேதான் வாங்குகிறேன்.

குடோன் என்றாலே நம்பிவிடவும் கூடாது. வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் காண்ட்ராக்டர். முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் உன் சம்பளத்திலேயே பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அது தப்பு. பதினாலாயிரத்துக்குள் அதுவும் அடக்கமா என்று சேரும் முன்பே கேள். இரண்டாம் மாதம் UMANG செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திற. உன் பங்கு 1,680, முதலாளி பங்கு 514, பென்ஷன் 1,166 என்று மூன்றும் இருக்க வேண்டும். என் முதல் காண்ட்ராக்டர் நாலு மாதம் பிடித்துவிட்டுக் கட்டவே இல்லை. நான் பாஸ்புக் பார்த்ததே ஐந்தாம் மாதம்தான்.

கல்லூரி போகிறவனும், வீட்டில் ஒருவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவனும் ஆப்பிலேயே இருக்கட்டும். குடோன் ஷிப்ட் அவர்களுக்கு ஒத்துவராது. மற்றவர்களுக்கு என் ஓட்டு குடோனுக்குத்தான்.

அப்புறம், டீக்கடையில் கேட்ட தம்பி, அந்த ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. எனக்கு அன்றைக்கு லீவு.

உங்கள் அண்ணன்,
வியாசர்பாடி