வட்டி 18,400, வரி 19,140: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வருடா வருடம் ஜூலை மாதம் ஃபார்ம் 16-ஐ மடித்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு மடல் எழுதிப் புரியவைக்க வேண்டிய நிலை வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு வாரமாக வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "18,000 ரூபாய் எஃப்டி வட்டிக்கு 21,000 வரி கட்ட வைத்த ஆபிஸ்." பெயர் போடவில்லை என்றாலும் யாரைச் சொல்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். அந்தக் கணக்கு எங்களிடம் போட்டதுதான். கணக்கும் சரிதான். ஏன் சரி என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரி கட்ட வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எப்படி நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. 12 லட்சம் வரை வரியே கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. முதல் 4 லட்சத்துக்கு மட்டும்தான் வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், அதாவது 40,000. ஆக 12 லட்சம் வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரி விழத்தான் செய்கிறது. விழுந்த வரியை 87ஏ பிரிவு அப்படியே தள்ளுபடி செய்துவிடுகிறது. வரி இல்லாமல் இருப்பது வேறு, போட்ட வரியைத் தள்ளுவது வேறு. எல்லையைத் தாண்டும்போதுதான் இந்த வித்தியாசம் கையைச் சுடும்.

இப்போது அந்தக் கணக்கு. சம்பளம் 12,75,000. நிலையான கழிவு 75,000 போக 12,00,000. கம்பெனி ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் வங்கி எஃப்டி வட்டி 18,400 இருந்தது. அதைச் சேர்த்தால் மொத்த வருமானம் 12,18,400. ஸ்லாப் படி வரி 60,000-உம், மேலே உள்ள 18,400-க்கு 15 சதவீதமாக 2,760-உம் சேர்த்து 62,760. எல்லை தாண்டிவிட்டதால் முழுத் தள்ளுபடி கிடையாது. சட்டம் இதோடு நின்றிருந்தால் 18,400 ரூபாய் கூடுதலாக வந்ததற்கு 62,760 கட்ட வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் மார்ஜினல் ரிலீஃப் வருகிறது. புதிய முறையில் இது 2023-இல் சேர்க்கப்பட்டது. எல்லைக்கு மேல் எவ்வளவு வருமானம் வந்ததோ, வரி அதைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. இந்தக் கணக்கில் எல்லைக்கு மேல் 18,400, எனவே வரி 18,400. மீதி 44,360 தள்ளுபடி. இத்தோடு முடிந்திருந்தால் வந்த வட்டி வரிக்கே போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் 4 சதவீத செஸ் இந்தச் சலுகைக்குப் பிறகு நிற்கிற வரி மேல் போடப்படுகிறது. 18,400-க்கு 736. கூட்டினால் 19,136, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 19,140.

வட்டியைவிட வரி 740 ரூபாய் அதிகம். வயிறு எரியத்தான் செய்யும், எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இதில் எங்கள் கையெழுத்து எதுவும் இல்லை. வரித்துறை மென்பொருளில் நீங்களே உட்கார்ந்து போட்டாலும் இதே எண்தான் வரும்.

உங்கள் கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தாக்கல் செய்த படிவத்தில் 87ஏ தள்ளுபடி என்று ஒரு கட்டம் இருக்கும். ஸ்லாப் வரியிலிருந்து அந்தத் தொகையைக் கழியுங்கள். மீதி நிற்பது, உங்கள் மொத்த வருமானத்தில் 12 லட்சத்துக்கு மேல் உள்ள தொகையோடு சமமாக இருந்தால் கணக்கு சரி. தள்ளுபடிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்து, வருமானமும் 12,70,000-க்குள் இருந்தால் உடனே எங்களிடம் வாருங்கள்.

12,70,000 என்று ஏன் சொல்கிறோம் என்றால், சலுகை அதற்குச் சற்று மேலே தானாகவே தீர்ந்துவிடும். 12,70,588-இல் ஸ்லாப் வரியும், 12 லட்சத்துக்கு மேலுள்ள தொகையும் சமமாகிவிடுகின்றன. அதற்கு மேல் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் செஸ் சேர்த்து 15.6 காசுதான் வரி. அதற்குக் கீழே, 12 லட்சம் வரையுள்ள அந்த 70,000 சொச்சத்தில், ஒவ்வொரு ரூபாய்க்கும் 1 ரூபாய் 4 காசு. மொத்த வருமானம் 12,50,000 உள்ளவருக்கு வரி போகக் கையில் நிற்பது 11,98,000. 12,00,000 உள்ளவருக்கோ முழு 12 லட்சமும் நிற்கிறது. 12,73,934 ரூபாய் சம்பாதித்தால்தான் கையில் நிற்பது மறுபடியும் 12 லட்சத்தைத் தொடும். இடையில் அகப்பட்டவர்கள் பள்ளத்தில்தான் நிற்கிறார்கள். வாட்ஸப்பில் எழுதியவரின் கோபம் இந்தப் பள்ளத்தின் மேல் இருந்திருந்தால் நாங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்போம்.

செய்தியில் 21,000 என்று முழுமையாக்கிச் சொன்ன எண்ணில் 19,140 போக இன்னும் 1,700 சொச்சம் இருக்கிறது. அது முன்கூட்டி வரி கட்டாததற்கான 234பி, 234சி வட்டி. வரி 10,000-ஐ எட்டினால் தவணை தவணையாக மார்ச் 15-க்குள் கட்டியிருக்க வேண்டும். பிப்ரவரியில் நாங்கள் கொடுத்த கணக்குத் தாளில் எஃப்டி வட்டிக்குத் தனிக் கட்டம் இல்லாமல் இருந்தது. இப்போது சேர்த்திருக்கிறோம்.

"அந்த வட்டியைக் காட்டாமல் விட்டிருக்கலாமே" என்று சிலர் நேரில் கேட்டார்கள். வட்டி ஆண்டுக்கு 50,000-க்குள் இருந்தால் வங்கி டிடிஎஸ் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பதால் அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. அந்த 18,400 உங்கள் பான் எண்ணோடு, வரித்துறை உங்கள் வருமான விவரங்களைத் திரட்டி வைக்கும் ஏஐஎஸ் அறிக்கையில் வரிசையாக நிற்கிறது. காட்டாமல் விட்டால் பின்னால் நோட்டீஸ் வரும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அந்த வரியில் 50 சதவீதம் அபராதமும் போடலாம். 740 ரூபாய் எரிச்சலுக்காக அந்த வம்பை நாங்கள் இழுத்துவிட மாட்டோம்.

மனைவி பெயருக்கு எஃப்டியை மாற்றினாலும் தப்பிக்க முடியாது. கணவர் கொடுத்த பணத்தின் வட்டி கணவர் வருமானத்தோடுதான் சேரும். பெற்றோருக்கு உண்மையாகவே கொடுத்துவிட்ட பணம் என்றால் அதன் வட்டி அவர்கள் கணக்கு.

எல்லைக்குச் சற்று மேலே நிற்பவர்களுக்குப் புதிய முறையில் திறந்திருக்கும் பெரிய கதவு, கம்பெனி உங்கள் பெயரில் என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் போடும் தொகை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 14 சதவீதம் வரை அதற்குக் கழிவு உண்டு. அடிப்படை மாதம் 50,000 என்றால் ஆண்டுக்கு 84,000 வரை. மேலே சொன்ன கணக்கில் சம்பளத்திலிருந்து மாதம் 1,600 ரூபாயை கம்பெனி அப்படித் திருப்பியிருந்தால் ஆண்டுக்கு 19,200 குறைந்து, வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே வந்திருக்கும், வரியும் பூஜ்யம். ஆனால் இதை நிதியாண்டு நடக்கும்போதே சம்பளப் பிரிவில் சொல்லி மாற்ற வேண்டும். ஜூலையில் எங்களிடம் வந்து கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எல்ஐசி, பிபிஎஃப் ரசீதுகளைக் கொண்டுவருகிறீர்கள், அவை புதிய முறையில் கழிவுக்கு உதவாது. முந்தைய ஆண்டுக்கான நிலுவைச் சம்பளம் சேர்ந்து எல்லை தாண்டியவர்கள் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். 89-வது பிரிவில் நிவாரணம் இருக்கிறது, ஆனால் ரிட்டர்ன் போடும் முன் 10ஈ படிவம் தாக்கல் ஆகியிருக்க வேண்டும்.

ஷேர் விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் கழிவு போக 10 லட்சம், ஒரு வருடத்துக்குள் விற்ற ஷேரில் லாபம் 1 லட்சம் என்றால் மொத்தம் 11 லட்சம்தான், எல்லைக்குள்தான். ஆனாலும் அந்த லாபத்துக்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 20,800 கட்ட வேண்டும். தனி விகிதத்தில் வரி விழும் வருமானத்தைப் புதிய முறையின் தள்ளுபடி தொடாது. துபாய், சிங்கப்பூரில் இருந்துகொண்டு இங்கே வாடகை வாங்குகிறவர்களுக்கும் தள்ளுபடி இல்லை, அது இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலை உள்ளவர்களுக்கு மட்டும்.

பழைய முறையிலேயே இருக்கும் சிலருக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே எல்லை 5 லட்சம், தள்ளுபடி 12,500, மார்ஜினல் ரிலீஃப் கிடையாது. மொத்த வருமானம் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கப்படும் என்பதால் 5,00,004 ரூபாய் 5,00,000 ஆகிவிடும், வரி இல்லை. 5,00,005 என்றால் 5,00,010 ஆகும், செஸ்ஸோடு 13,000 கட்ட வேண்டும். ஒரு ரூபாயில் 13,000. அதனால்தான் பழைய முறைக்காரர்களிடம் சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்டி வட்டி, பழைய கம்பெனி பாக்கி என்று நாங்கள் நச்சரிக்கிறோம். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு அங்கே 10,000 வரை கழிவு உண்டு, அதை விட்டுவிட்டு எல்லை தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

இனிமேல் வரும்போது ஃபார்ம் 16-ஓடு எல்லா வங்கிகளின் வட்டிச் சான்றிதழும், ஏஐஎஸ் பிரதியும் எடுத்து வாருங்கள். முதிர்வில் மொத்தமாகப் பணம் வரும் எஃப்டியாக இருந்தாலும் வங்கி ஆண்டுதோறும் எழுதிய வட்டி ஏஐஎஸ்ஸில் வந்திருக்கும். ஜனவரியிலேயே ஒரு தடவை வந்து காட்டினால் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டியதைச் சொல்லிவிடுவோம், அந்தப் பார்வைக்குக் கட்டணம் இல்லை. தாக்கல் கட்டணம் இந்த ஜூலை முதல் 650.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, வேறு எங்கும் போகாமல், "என்ன விஷயம்?" என்று எங்களிடமே போன் போட்டுக் கேட்ட அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்குத் தாக்கல் செய்து, இப்போது மகளுக்கும் தாக்கல் செய்கிற வீடுகள் எங்களிடம் பல உண்டு. குழுவில் எழுதியவரின் கணக்குத் தாள் எங்களிடம் இருக்கிறது. அவர் எப்போது வந்தாலும் ஒவ்வொரு வரியாகப் போட்டுக் காட்டத் தயார். டீ எங்கள் செலவு.

இப்படிக்கு,
உங்கள் வரித் தாக்கல் அலுவலகம்
(ஜூலை முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் மதியம் 1 மணி வரை திறந்திருக்கும்)